மூன்று மாதப் பையனுக்கு வலது பின்னந்தலை சப்பையாகிறது, யாரிடம் காட்டுவது?

கயல்_திண்டுக்கல்

எல்லோருக்கும் வணக்கம். என் பையனுக்கு மூன்று மாதம் முடிந்து ஒரு வாரம் ஆகிறது. முதல் குழந்தை, சுகப்பிரசவம், பிறந்தபோது எடை 3.2 கிலோ. பிறந்த புதிதில் தலை நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் மாதம் முடியும் சமயத்தில் வலது பக்கப் பின்னந்தலை சப்பையாகிறதோ என்று சந்தேகம் வந்தது. இப்போது எண்ணெய் தேய்த்து முடி படிந்திருக்கும்போது மேலே இருந்து பார்த்தால் தெளிவாகத் தெரிகிறது. வலது காது இடது காதைவிடக் கொஞ்சம் முன்னால் வந்த மாதிரியும் இருக்கிறது.

தூங்கும்போதும் விழித்திருக்கும்போதும் வலது பக்கமே பார்க்கிறான். நேராக்கி வைத்தால் உடனே மறுபடி வலது பக்கம். அத்தை, தூளியில் போடாமல் பாயில் போட்டதால்தான் இப்படி என்கிறார். நாத்தனார் நடுவில் குழி வைத்த ஸ்பாஞ்சுத் தலையணை வாங்கி அனுப்பியிருக்கிறார். போன தடுப்பூசிக்குப் போனபோது டாக்டரிடம் கேட்டேன். தலையைத் தொட்டுப் பார்க்காமலே "வளர வளரச் சரியாகிவிடும்" என்று சொல்லிவிட்டார். அடுத்த வாரம் மூன்றரை மாத ஊசி இருக்கிறது.

தலையணை வைக்கலாமா? மூளைக்கு ஏதாவது ஆகுமா? இதற்கு எந்த டாக்டரைப் பார்க்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், ராத்திரி தூக்கமே இல்லை.

ராஜி_பாட்டி

பயப்படாதே கண்ணு. நான் மூன்று பிள்ளைகளையும் நான்கு பேரன் பேத்திகளையும் வளர்த்தவள். குழந்தையை ஒரே பக்கமாகப் படுக்க விட்டால் தலை சப்பையாகத்தான் செய்யும், மாற்றி மாற்றிப் போட வேண்டும். பால் கொடுக்கும்போதும் கை மாற்றிக் கொடு. எப்போதும் பாயிலேயே விடாமல் மடியில், தோளில் வைத்துக்கொள். இந்தக் காலத்தில் யாரும் குழந்தையைத் தூக்குவதே இல்லை.

பழைய வேட்டித் துணியில் கடுகை நிரப்பிச் சின்னத் தலையணை தைத்து வை. தூங்கும்போது ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகுக்கு ஒரு துணியைச் சுருட்டி முட்டுக் கொடு. தினமும் எண்ணெய் தேய்க்கும்போது இரண்டு கையாலும் தலையை உருட்டி உருட்டிப் பிடித்துவிடு. என் பிள்ளைகள் தலை எல்லாம் உருண்டையாக இருக்கிறது.

வித்யா_பிசியோ_கோவை

கயல், நான் குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்ட். இந்த மாதிரிக் குழந்தைகள் வாராவாரம் வருகிறார்கள்.

முதலில் தலையணை. நாத்தனார் அனுப்பியதும் வேண்டாம், கடுகுத் தலையணையும் வேண்டாம். முகம் திரும்பி ஸ்பாஞ்சில் அழுந்தினாலோ, தாடை நெஞ்சில் இடித்துக்கொண்டாலோ மூச்சு தடைபடும். இந்த வயதில் குழந்தையால் தானாக விலகிக்கொள்ள முடியாது. தலையை உருண்டையாக்கும் என்று விற்கப்படும் தலையணைகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2022 நவம்பரில் வெளிப்படையாக எச்சரித்தது. ராஜி அம்மா சொன்னதில் மாற்றிப் படுக்க வைப்பது, தூக்கி வைத்துக்கொள்வது, கை மாற்றிப் பால் கொடுப்பது மூன்றும் நல்ல யோசனை. ஒருக்களித்து முட்டுக் கொடுத்துத் தூங்க வைப்பது மட்டும் ஆபத்து, ஏனென்றால் அங்கிருந்து குழந்தை குப்புறச் சரிந்துவிடும். கையால் அழுத்தி உருட்டுவதால் எலும்பு வடிவம் மாறாது. எண்ணெய் தடவுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் பையன். எனக்கு நான்கு விஷயங்கள் தெரிய வேண்டும்.

அவனை மல்லாக்கப் படுக்க வைத்து, வலது தோள் தூக்காமல் ஒருவர் லேசாகப் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் கிலுகிலுப்பையையோ உங்கள் முகத்தையோ வலமிருந்து இடமாக மெதுவாகக் கொண்டுபோங்கள். வலது பக்கம் திரும்பும்போது தாடை தோளுக்கு நேராக வருகிறதா? இடது பக்கமும் அதே அளவு வருகிறதா, பாதியில் நின்றுவிடுகிறதா? தலையைப் பிடித்துத் திருப்ப வேண்டாம், அவனாகத் திரும்பட்டும்.

அடுத்து, நிமிர்த்தி மடியில் வைத்து எதிரே இருந்து பாருங்கள். தலை ஏதாவது ஒரு தோள் பக்கம் சாய்கிறதா?

மூன்றாவது, கழுத்து மடிப்பு இரண்டையும் விரித்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் சிவந்து ஈரமாக இருக்கிறதா?

கடைசியாக ஒரு படம். தலையை ஈரமாக்கி முடியைப் படிய வைத்து, யாராவது மடியில் நேராக உட்கார வைத்துக்கொள்ள, உச்சிக்கு நேர் மேலே இருந்து எடுங்கள். மூக்கு நுனியும் இரண்டு காதும் படத்தில் வர வேண்டும். இங்கே போட வேண்டாம், நீங்களே பார்த்துச் சொன்னால் போதும். அடுத்த மாதம் ஒப்பிடவும் அந்தப் படம் உதவும்.

செல்வி_1994

என் பெண்ணுக்கு எட்டு மாதம். உச்சிக்குழி இன்னும் மூடவில்லை, துடிக்கிறது. பின்னந்தலையில் முடியும் தேய்ந்து வட்டமாக வழுக்கை மாதிரி இருக்கிறது. இதுவும் இந்தப் பிரச்சினைதானா? தலையில் துணி வைத்துக் கட்டச் சொல்கிறார்கள்.

வித்யா_பிசியோ_கோவை

செல்வி, இது வேறு. முன் உச்சிக்குழி ஒன்பது மாதத்துக்கு மேல் ஒன்றரை வயதுவரை மெதுவாக மூடும். எட்டு மாதத்தில் திறந்திருப்பதும் துடிப்பதும் இயல்பு. முடி தேய்வது தரையில் உராய்வதால், உட்கார ஆரம்பித்ததும் வளர்ந்துவிடும். ஆனால் தேய்ந்த இடம் ஒரு பக்கமாக மட்டும் இருந்தால் குழந்தை அந்தப் பக்கமே சாய்கிறது என்று அர்த்தம், அதைக் கவனியுங்கள். துணி எதுவும் கட்ட வேண்டாம்.

கயல்_திண்டுக்கல்

அக்கா, நீங்கள் கேட்டதையெல்லாம் இன்று காலை பார்த்தேன். வலது பக்கம் தாடை தோள்வரை வருகிறது. இடது பக்கம் பாதி தூரம்கூட வரவில்லை. அதற்கு மேல் போக வேண்டுமென்றால் தலையைத் திருப்பாமல் உடம்பையே திருப்பப் பார்க்கிறான், இல்லாவிட்டால் கண்ணை மட்டும் ஓட்டுகிறான். மடியில் வைத்தால் தலை இடது தோள் பக்கம் லேசாகச் சாய்கிறது. பழைய போட்டோக்களை எடுத்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் அப்படியேதான் இருக்கிறான். ஸ்டைல் என்று சொல்லிக் கொஞ்சிக்கொண்டிருந்தோம்.

கழுத்து மடிப்பைப் பற்றி எப்படிக் கேட்டீர்கள்? இடது பக்கம் மட்டும் ஒரு மாதமாகப் புண். பால் வழிந்து தங்குகிறது என்று பவுடர் போட்டுக்கொண்டிருந்தோம்.

படத்தில் தலை சாய்ந்த செவ்வகம் மாதிரித் தெரிகிறது. வலது பின்பக்கம் சப்பை, வலது காது முன்னால், வலது நெற்றியும் கொஞ்சம் முன்னால் தள்ளியிருக்கிறது. நான் சொல்வது சரியாகப் புரிகிறதா?

வித்யா_பிசியோ_கோவை

நன்றாகப் புரிகிறது. நேரில் பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் சொல்வது எல்லாம் ஒரே திசையைக் காட்டுகிறது. இடது பக்கக் கழுத்துத் தசை இறுகியிருக்கிறது. காதுக்குப் பின்னாலிருந்து மார்பெலும்பு வரை இறங்கும் தசை அது. இடது தசை இறுகினால் தலை இடது பக்கம் சாயும், முகம் வலது பக்கம் திரும்பும். சாய்ந்த பக்க மடிப்புக்குள் காற்று போகாததால்தான் அங்கே புண். பவுடரை நிறுத்திவிட்டு, மடிப்பை விரித்துத் துடைத்து உலர விடுங்கள்.

வலது பக்கமே படுக்கப் பிடித்திருப்பதாக நினைத்தீர்கள். அவனால் இடது பக்கம் திரும்ப முடியவில்லை என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும். இதைப் பார்க்காமல் ராத்திரி பூராவும் தலையை மாற்றி மாற்றி வைத்தாலும் தசை மறுபடி பழைய இடத்துக்கே இழுத்துவிடும்.

மூன்றரை மாத ஊசிக்குப் போகும்போது, ஊசி போடும் முன் டாக்டரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, கழுத்தைத் தடவிப் பார்த்துத் தசையில் கட்டி இருக்கிறதா என்றும், தலை எலும்பு இணைப்புகளில் மேடு தட்டுப்படுகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு, இடுப்பு மூட்டைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். கழுத்து இறுகிய குழந்தைகளில் சிலருக்கு இடுப்பு மூட்டும் சரியாகப் பொருந்தாமல் இருக்கும், அது வெளியே தெரியாது. பிறகு பிசியோவுக்குக் கடிதம் வாங்குங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் டி.இ.ஐ.சி. என்று குழந்தைகளுக்கான மையம் இருக்கும், அங்கே கட்டணம் இல்லை. சீக்கிரம் போங்கள். கழுத்துப் பயிற்சி முதல் சில மாதங்களில் ஆரம்பித்தால் விரைவில் பலன் தரும். ஆறு மாதத்துக்கு மேல் ஆரம்பித்தால் குழந்தை கையை உதறித் தள்ளும், நாளும் அதிகமாகும்.

தசையை நீட்டும் பயிற்சியை இங்கே எழுத மாட்டேன். கையைப் பிடித்துக் காட்டித்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். அதுவரை வீட்டில் செய்யக்கூடியதைச் சொல்கிறேன்.

நீங்கள் அவனுக்கு எந்தப் பக்கம் படுக்கிறீர்கள்? வலது பக்கம் என்றால் இடது பக்கத்துக்கு மாறுங்கள். சுவர் ஓரமாகப் படுக்கிறான் என்றால், சுவர் வலது பக்கமும் அறை இடது பக்கமும் வரும்படித் தலைமாட்டைக் கால்மாட்டாகத் திருப்பிப் போடுங்கள். குழந்தை ஆளையும் வெளிச்சத்தையும் தேடித்தான் திரும்பும். பேசுவது, டயப்பர் மாற்றுவது, விளையாட்டுக் காட்டுவது எல்லாமே இடது பக்கத்திலிருந்து. தூங்குவது மல்லாக்கத்தான். ஆழ்ந்து தூங்கியபின் முகத்தை மெல்ல இடது பக்கம் திருப்பலாம், வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

தூக்கும்போது இடது பக்கம் கீழே வரும்படி, உங்கள் முன்கையின் மேல் ஒருக்களித்த மாதிரி கிடத்துங்கள். முகம் வெளியே பார்க்க வேண்டும். உங்கள் கை அவனுடைய இடது காதுக்கும் தோளுக்கும் நடுவில் வரட்டும். இறுகிய பக்கம் மெதுவாக விரியும். தலையை மேலே தூக்க அவன் முயலும்போது எதிர்ப்பக்கத் தசைக்கும் வேலை கிடைக்கும்.

அப்புறம் குப்புறப் போடுவது. விழித்திருக்கும்போது, பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும். பால் குடித்தவுடன் வேண்டாம். இரண்டு மூன்று நிமிடமாக ஆரம்பித்து, பல தடவையாகப் பிரித்து, ஒரு நாளில் மொத்தம் அரை மணி நேரம் வரும்படிக் கூட்டுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்ன அளவும் அதுதான். தரையில் அழுதால் உங்கள் நெஞ்சின் மேல் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் அத்தை காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் குப்புறப் போட்டுக் குளிப்பாட்டுகிறாரா? அதுவும் கணக்கில் சேரும். அந்த நேரத்தில் இடது பக்கமிருந்து நீங்கள் கூப்பிடுங்கள்.

ராஜி_பாட்டி

தூளியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே அம்மா? ஊரெல்லாம் தூளியில்தானே வளர்ந்தது. எங்கள் காலத்தில் இந்தச் சப்பைத் தலையை இவ்வளவு பார்த்ததே இல்லை.

வித்யா_பிசியோ_கோவை

தூளித் துணி இரண்டு பக்கமும் அணைப்பதால் தரையில் படுவது போல ஒரே இடத்தில் அழுத்தம் விழாது, அது உண்மைதான் அம்மா. ஆனால் தலையைத் திருப்பவும் இடம் இருக்காது. கயல் பையனுக்கு இப்போது வேண்டியது இடது பக்கம் திரும்பிப் பழகுவது, தூளியில் அது நடக்காது. முதுகு வளைந்து தாடை நெஞ்சில் முட்டுவதுதான் எனக்குப் பெரிய கவலை. சின்னக் குழந்தையை ராத்திரி முழுக்கத் தூளியில் விட்டுவிட்டு வீட்டில் எல்லோரும் தூங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அழுகையை அமர்த்தப் பகலில் கொஞ்ச நேரம், பக்கத்தில் இருந்து ஆட்டுவது என்றால் அது உங்கள் வீட்டு முடிவு. கார் சீட், ஊஞ்சல் சேர் எல்லாவற்றுக்கும் இதே அளவுகோல்தான்.

அந்தக் காலத்தில் இவ்வளவு இல்லை என்பதற்கும் காரணம் உண்டு. குழந்தை பெரும்பாலும் யார் கையிலாவது இருக்கும். வெளிநாடுகளில் குப்புறப் படுக்க வைக்கும் பழக்கம் இருந்தது. தூக்கத்தில் திடீரென்று இறந்துபோகும் குழந்தைகளைக் காப்பாற்ற, 1992-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் குப்புறப் படுக்க வைப்பதைக் கைவிடச் சொன்னது. மரணங்கள் பாதிக்கு மேல் குறைந்தன, சப்பைத் தலை கூடியது. மல்லாக்கப் படுக்க வைப்பதை அதற்காக விட முடியாது. விழித்திருக்கும் நேரத்தில் ஈடுகட்ட வேண்டியதுதான்.

தர்ஷன்_ரொறன்ரோ

கயல், என்ட மகளுக்கும் இதே மாதிரி வலப் பக்கம்தான். இங்கே ஆறு மாதத்தில் தலை வடிவத்தைத் திருத்துகிற ஹெல்மெட் போட்டோம். ஒரு நாளைக்கு 23 மணித்தியாலம் போட வேணும், குளிக்க மட்டும் கழட்டலாம். தொடக்கத்தில் வேர்வை, மணம், தோல் சிவப்பு எல்லாம் இருந்தது. அவ பழகிட்டா, நாங்கள்தான் பழக நாள் எடுத்தோம். நான்கு மாதத்தில் நல்ல மாற்றம் தெரிந்தது. இப்ப மூன்று வயது, பார்த்தால் ஒருவருக்கும் தெரியாது. காத்திருக்க வேண்டாம், உடனே ஹெல்மெட் கேளுங்கள். மண்டை கெட்டியான பிறகு ஒன்றும் செய்ய ஏலாது.

கார்த்திக்_உட்ரெக்ட்

தர்ஷன் அண்ணா, உங்கள் மகள் நலமாக இருப்பது சந்தோஷம். ஆனால் உடனே ஹெல்மெட் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. நான் இருக்கும் நெதர்லாந்தில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். மிதமானது முதல் கடுமையானது வரை சப்பை இருந்த 84 குழந்தைகளை எடுத்து, ஐந்து ஆறு மாத வயதில் சீட்டுக் குலுக்குவது போல இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு ஆறு மாதம் ஹெல்மெட், மற்றதற்கு ஒன்றுமில்லை. இரண்டு வயதில் அளந்தால் பெரிய வித்தியாசம் இல்லை. முழுக்கச் சரியானது ஹெல்மெட் பிரிவில் 26 சதவீதம், போடாதவர்களில் 23 சதவீதம். 2014-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. இந்த வயதில் தலை வேகமாக வளரும், பாதி வேலையை அந்த வளர்ச்சியே செய்துவிடுகிறது.

வித்யா_பிசியோ_கோவை

கார்த்திக் சொன்ன ஆய்வு சரியானது, நானும் பெற்றோரிடம் சொல்வதுண்டு. ஆனால் அதில் கழுத்து இறுகிய குழந்தைகளைச் சேர்க்கவில்லை. அதனால் கயல் பையனுக்கு அந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது. இன்னொன்றையும் கவனியுங்கள். இரண்டு பிரிவிலும் நான்கில் மூன்று பேருக்குத் தலை முழு உருண்டை ஆகவில்லை. "தானாகச் சரியாகிவிடும்" என்று சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை. முடி வளர்ந்ததும் பெரும்பாலும் மறைந்துவிடும், ஆனால் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம்.

மறுபக்கம், 2016-ல் அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர்கள் வெளியிட்ட வழிகாட்டுதல், பயிற்சியும் படுக்கை மாற்றமும் செய்த பிறகும் மிதமான அல்லது கடுமையான சப்பை மிஞ்சினால் ஹெல்மெட்டைப் பரிந்துரைக்கிறது. எங்கள் துறையிலேயே இரண்டு கருத்தும் இருக்கிறது. மூன்று மாதத்தில் அந்தப் பேச்சே வேண்டாம் என்பதில் மட்டும் நான் உறுதி. முதலில் கழுத்து.

மீனா_மதுரை

கயலுக்குப் பொருந்தாது என்று தெரிகிறது, இருந்தாலும் இதைப் படிக்கும் வேறு அம்மாக்களுக்காக எழுதுகிறேன். என் மகளுக்குப் பிறந்த அன்றிலிருந்தே வலது பக்க நெற்றி தட்டை. அந்தப் பக்கப் புருவம் மேலே ஏறி, வலது கண் பெரிதாகத் தெரியும். மூக்கின் மேற்பகுதியும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும். நாங்கள் காட்டிய டாக்டர், படுக்கிற வாகு, சரியாகிவிடும் என்றே ஒவ்வொரு முறையும் சொன்னார். எட்டு மாதத்தில் வேறு ஊரில் காட்டியபோதுதான் நெற்றிப் பக்க எலும்பு இணைப்பு முன்கூட்டியே மூடிவிட்டது என்று சொன்னார்கள். நான்கு மாதத்துக்குள் வந்திருந்தால் சின்னத் துளை போட்டு கேமரா வைத்துச் செய்யும் அறுவையை யோசித்திருக்கலாமாம். அந்தக் காலம் தாண்டிவிட்டதால் பத்து மாதத்தில் பெரிய அறுவையாகவே செய்தார்கள். இன்று நன்றாக இருக்கிறாள். ஆனால் அந்த நான்கு மாதம் போனது இப்போதும் என் மனதை அறுக்கிறது.

டாக்டர் சொன்னார் என்று விட்டுவிடாதீர்கள். கையை வைத்துத் தொட்டுப் பார்த்தாரா என்று கேளுங்கள்.

வித்யா_பிசியோ_கோவை

மீனா, எழுதியதற்கு மிக்க நன்றி. நிபுணர் எப்போது பார்க்க வேண்டும் என்பதற்குப் பதில் உங்கள் அனுபவத்திலேயே இருக்கிறது.

படுக்கிற வாகினால் வரும் சப்பை பிறக்கும்போது இருக்காது. ஆறு எட்டு வாரத்தில்தான் தெரிய ஆரம்பிக்கும். பிரசவத்தில் நசுங்கிய தலை சில வாரங்களில் தேறிவிடும். பிறந்ததிலிருந்தே ஒரே கோணல், நாள் போகப் போகக் கூடுகிறது என்றால் இணைப்பைச் சந்தேகிக்க வேண்டும். மேலே இருந்து எடுத்த படத்தில் காது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வாகினால் வந்தது என்றால் சப்பையான பக்கக் காது முன்னால் தள்ளியிருக்கும், கயல் சொன்னது போல. பின்னந்தலை இணைப்பு மூடிய குழந்தைக்கு அந்தக் காது பின்னாலும் கீழேயும் இழுபட்டிருக்கும், காதுக்குப் பின்னால் ஒரு புடைப்பும் தெரியும். அது மிக அரிது, நானே ஓரிரு குழந்தைகளைத்தான் பார்த்திருக்கிறேன். காது மட்டும் வைத்து எல்லாவற்றையும் தீர்மானிக்கவும் முடியாது. இணைப்பின் மேல் கயிறு மாதிரி மேடு தட்டுப்பட்டாலோ, தலை படகு போல நீண்டு குறுகினாலோ, நெற்றி முக்கோணமானாலோ, முகமே கோணினாலோ, குழந்தைகளுக்கான நரம்பு அறுவை மருத்துவர் அல்லது முக மண்டையோட்டு அறுவை மருத்துவர் பார்க்க வேண்டும். இதற்கு வாரக்கணக்கில் காத்திருப்பதே அதிகம்.

தாய் சேய் நல அட்டையில் தலைச் சுற்றளவைக் குறிக்கச் சொல்லுங்கள். கோடு திடீரென்று மேலே ஏறினாலோ நின்றுவிட்டாலோ அதுவும் காரணம்தான். உச்சிக்குழி புடைத்து, வாந்தியும் சோர்வும் இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூளையைப் பற்றிக் கேட்டீர்களே கயல். வாகினால் வரும் சப்பை மூளையை நெருக்காது, மண்டைக்குள் இடம் குறைவதில்லை. ஆனால் இப்படிப்பட்ட குழந்தைகளில் சிலர் கழுத்து நிற்பது, கவிழ்வது போன்றவற்றில் கொஞ்சம் தாமதமாக இருப்பதைப் பார்க்கிறோம். சப்பையால் தாமதம் வருகிறது என்பதைவிட, குறைவாக அசையும் குழந்தைக்குச் சப்பை வருகிறது என்று நினைக்கவே காரணம் அதிகம். அதனால் தலையோடு சேர்த்து வளர்ச்சியையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கயல்_திண்டுக்கல்

எல்லோருக்கும் என்ன நடந்தது என்று சொல்ல வந்தேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். பையனுக்கு இப்போது ஐந்தரை மாதம்.

ஊசிக்குப் போனபோது இந்த முறை கையோடு படத்தைக் காட்டினேன். வேறு டாக்டர் இருந்தார். தலை முழுக்க விரலால் தடவிப் பார்த்தார், இணைப்பில் மேடு இல்லை என்றார். எக்ஸ்ரேயோ ஸ்கேனோ வேண்டாம், தேவையில்லாமல் கதிர்வீச்சு எதற்கு என்று சொல்லிவிட்டார். இடுப்புக்கு மட்டும் அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள், நன்றாக இருக்கிறது. இடது கழுத்தில் கட்டி இல்லை, தசை இறுக்கம்தான் என்று பிசியோவுக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே வளைந்த கருவி ஒன்றால் தலையைக் குறுக்காக இரண்டு பக்கமும் அளந்தார்கள். இரண்டுக்கும் 11 மில்லிமீட்டர் வித்தியாசம்.

பயிற்சியை ஒவ்வொரு டயப்பர் மாற்றும்போதும் செய்யச் சொன்னதால் மறக்கவில்லை. முதல் வாரம் அழுதான், பிறகு பழகிவிட்டான். அத்தை குளிப்பாட்டும்போது குப்புறப் போடும் நேரத்தைத் தானே கூட்டிக்கொண்டார். இடது பக்கம் நின்று நான் கூப்பிடுவதற்குள் அவரே பாட்டுப் பாடிக் கூப்பிடுகிறார். நாலரை மாதத்தில் கவிழ்ந்தான், ஆனால் ஒரு பக்கமாக மட்டும். இப்போது இரண்டு பக்கமும் கவிழ்கிறான். கழுத்து இடது பக்கமும் கிட்டத்தட்ட முழுசாகத் திரும்புகிறது. மடிப்பில் புண் இல்லை.

போன வாரம் மறுபடி அளந்ததில் 7 மில்லிமீட்டர். காது இன்னும் லேசாக முன்னால்தான் இருக்கிறது. என் கணவர், இதோடு விட்டுவிடலாம், வளர்ந்தால் போய்விடும் என்கிறார். எனக்கு ஹெல்மெட்டைப் பற்றி ஒரு முறையாவது கேட்டுவிட வேண்டும் என்று இருக்கிறது. தர்ஷன் அண்ணா சொன்ன வயது நெருங்குகிறது, தவறவிட்டுவிடுவேனோ என்ற பயம்.

தர்ஷன்_ரொறன்ரோ

கேட்கிறதில் தவறே இல்லை. கார்த்திக் சொன்ன ஆய்வை நானும் பிறகு வாசித்தேன். மகளுக்கு ஹெல்மெட் இல்லாமலும் இப்படித்தான் வந்திருக்குமோ என்று எனக்குத் தெரியாது, ஒருவராலும் சொல்லவும் ஏலாது. ஆனாலும் மறுபடியும் அதே நிலை வந்தால் நான் போடத்தான் செய்வேன்.

ராஜி_பாட்டி

கவிழ்ந்துவிட்டானா, சந்தோஷம். இனி அவனே புரண்டு தலையைச் சரி பண்ணிக்கொள்வான். காசைக் கொண்டுபோய்த் தொப்பியில் கொட்டாதே.

வித்யா_பிசியோ_கோவை

11-லிருந்து 7 என்பது நல்ல இறக்கம், கயல். கழுத்தும் திரும்புகிறது, அவனும் புரள்கிறான் என்பதால் தூக்கத்தில் ஒரே இடத்தில் அழுந்துவது இனி குறையும். தானாகப் புரண்டு குப்புறத் தூங்கினால் விட்டுவிடலாம், படுக்க வைப்பது மட்டும் மல்லாக்க. பக்கத்தில் தலையணை, போர்வை, பொம்மை எதுவும் இருக்கக் கூடாது.

ஹெல்மெட் பற்றிக் கேட்க வேண்டுமென்றால் கேளுங்கள், இப்போது கேட்பது சரியான நேரம்தான். போடுவதாக முடிவானால் நான்கு மாதத்துக்கும் எட்டு மாதத்துக்கும் நடுவில்தான் பலன் அதிகம், ஒரு வயதுக்கு மேல் அவ்வளவாக இல்லை. என் கையில் இந்த அளவோடு வரும் குழந்தைக்கு நான் சொல்ல மாட்டேன், இதே அளவுக்குப் போடச் சொல்லும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். ஆறரை மாதத்தில் ஒரு முறை அளந்து, 7-க்குக் கீழே இறங்குகிறதா, அங்கேயே நிற்கிறதா என்று பார்த்து, அந்த எண்ணோடு நரம்பு அறுவை மருத்துவரிடம் போய்க் கேளுங்கள். ஹெல்மெட் விற்கும் இடத்தில் முதல் ஆலோசனை வேண்டாம். அளப்பது அதே கருவியாகவும், முடிந்தால் அதே ஆளாகவும் இருக்கட்டும். ஆள் மாறினாலே இரண்டு மில்லிமீட்டர் கூடக் குறைய வரும். அதை வைத்து வீட்டில் சண்டை போட வேண்டாம்.

மீனா_மதுரை

கயல், போகும்போது முதல் மாதம் எடுத்த போட்டோக்களையும் எடுத்துக்கொண்டு போங்கள். பிறந்தபோது எப்படி இருந்தது என்று அவர்கள் கட்டாயம் கேட்பார்கள். எங்களிடம் தேதியோடு இருந்த படங்களைப் பார்த்துத்தான் அவர்கள் உடனே சந்தேகப்பட்டார்கள்.